செட்டிநாட்டுப் பாட்காஸ்டுக்குத் தலைப்பு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி வட்டாரத்திலிருந்து பாட்காஸ்ட் தொடங்க நினைக்கும் பலர் ‘செட்டிநாடு’ என்பதையே குறுகிய தலைப்பாகக் கருதிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். ஒரு வாரம் வெள்ளைப் பணியாரம், மறுவாரம் கண்டாங்கிச் சேலை, அதற்கடுத்த வாரம் இளையாத்தங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரையிலான ஒன்பது நகரத்தார் கோயில்கள் என்று போனால், பணியாரத்துக்காக வந்தவர் கோயில் வரலாற்றைக் கேட்கக் காத்திருக்க மாட்டார். இடத்தைச் சுருக்கினால் மட்டும் போதாது. யார் கேட்கப்போகிறார், அவருடைய எந்தச் சிக்கலுக்கு இது உதவும் என்பதையும் சேர்த்துச் சுருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு, ஒரே பொருளைப் பிடித்துக்கொள்வது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சின் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, இறுகியபின் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. இது கண்ணால் பார்க்க வேண்டிய வேலை. செய்முறை, வண்ணங்கள், பதிக்கும் முறை, துடைத்துப் பராமரிப்பது என்று எழுதிப் பார்த்தால், ஆறேழு எபிசோடுகளுக்குள் பேச்சு தீர்ந்துவிடும். தலைப்பை முடிவுசெய்யும் முன்பே இருபத்தைந்து எபிசோடுகளின் பெயர்களை எழுதிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அதே கல்லைச் சற்றே பெரிய வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். பூர்வீக வீடு பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ பூட்டிக் கிடக்க, சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாழும் பங்காளிகளுக்காக, அந்த வீட்டைக் காப்பது பற்றி மட்டும் பேசும் பாட்காஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். நாட்டு ஓடு சரிந்து மழைநீர் தேக்குச் சட்டத்தில் இறங்குவது ஓர் எபிசோடு. நடுமுற்றமான வளவில் விழும் தண்ணீர் வெளியேறும் வழி அடைபடுவது இன்னொன்று. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல், ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி உப்புப் பூத்துப் பழைய பூச்சும் பொரிந்து விழும். இதை ஒரு கொத்தனார் தன் வாயால் விளக்கினால் படமே தேவைப்படாது. செலவைப் பங்காளிகள் பிரித்துக்கொள்வது, முன்கூடமான பட்டாலையின் தூண்களை விலை கேட்டு வருபவர்களுக்கு என்ன பதில் சொல்வது, சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆத்தங்குடிக் கல்லுக்கு இதில் இரண்டு எபிசோடுகள் கிடைக்கும். அதற்கு அதுவே சரியான அளவு.

ஏற்கெனவே யாராவது இதைப் பேசுகிறார்களா என்று பார்ப்பதிலும் தவறு நேர்கிறது. ‘செட்டிநாடு’ என்று தமிழில் மட்டும் தேடிவிட்டு இடம் காலி என்று முடிவு செய்யக் கூடாது. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், யூடியூப் ஆகிய மூன்றிலும், தமிழ் எழுத்தில் ஒருமுறை, Chettinad, Karaikudi என்ற ஆங்கில எழுத்துகளில் ஒருமுறை, ‘பழைய வீடு’, ‘சுண்ணாம்புப் பூச்சு’ போன்ற பொருட்சொற்களால் ஒருமுறை தேட வேண்டும். கிடைத்தவற்றை எண்ணுவதைவிடக் கடைசி எபிசோடு வெளியான தேதியைப் பார்ப்பது முக்கியம். ஓராண்டுக்கும் மேலாக எதுவும் வராத நிகழ்ச்சி உங்களுக்குப் போட்டியாகாது. ஆனால் அதை ஒதுக்கிவிடவும் கூடாது. அதன் கடைசி இரண்டு எபிசோடுகளைக் கேளுங்கள். சொன்னதையே சொல்லத் தொடங்கியிருந்தால் அந்தத் தலைப்பில் சரக்கு குறைவாக இருந்திருக்கலாம். பேச்சில் உயிர் இருந்தும் நின்றுபோயிருந்தால், நடத்தியவருக்கு நேரமோ விருந்தினரோ கிடைக்காமல் போயிருக்கலாம். இரண்டாவது வகையாகத் தோன்றினால் தயங்காமல் இறங்கலாம்.

எவரும் பேசவில்லை என்பதையே கேட்க ஆள் இருப்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்வது இன்னும் பெரிய தவறு. எவருக்கும் தேவைப்படாததாலும் ஓர் இடம் காலியாக இருக்கும். பழைய வீடுகளைப் பொறுத்தவரை, ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ‘ஓடு மாற்ற நல்ல ஆள் யார்?’ போன்ற கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். ஓட்டைப் பற்றிப் பத்து நிமிடப் பதிவு ஒன்றைச் செய்து, வெளியூரில் இருக்கும் பங்காளிகள் பத்துப் பேருக்கு அனுப்புங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில் எதையும் காட்டாது. ‘எங்கள் வீட்டில் மேற்குப் பக்கம் ஒழுகுகிறது, அதற்கு என்ன செய்வது?’ என்று இரண்டு மூன்று பேராவது தங்கள் வீட்டை வைத்துக் கேட்டால் தேவை இருக்கிறது என்று கொள்ளலாம். அந்தக் கேள்விகளே அடுத்த எபிசோடுகளும் ஆகும்.

பெயரில் அழகு தேடித் தலைப்பை மறைத்துவிடாதீர்கள். ‘முகப்பு’ என்று மட்டும் வைத்தால், வீட்டைப் பற்றித் தேடுபவர் கண்ணில் அது படாது. ‘முகப்பு: செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பராமரிப்பது’ என்று வைத்து, Chettinad என்ற ஆங்கில எழுத்தையும் விவரக்குறிப்பின் முதல் வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.