இரண்டு கடைகள், ஒரு சலுகை: கலப்பு உத்திச் சமநிலையைக் கணக்கிடும் முறை

ஒரே தெருவில் பெரிய மளிகைக் கடை ஒன்றும் சிறிய மளிகைக் கடை ஒன்றும் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பையை விற்கின்றன எனக் கொள்வோம். இரண்டு கடைகளுக்கும் ஒரு பையின் கொள்முதல் விலை 300 ரூபாய். வழக்கமான விற்பனை விலை 330 ரூபாய். சலுகை வாரத்தில் அது 320 ரூபாய். அடுத்த வாரம் சலுகை உண்டா இல்லையா என்பதை, எதிர்க்கடையின் முடிவு தெரியாத நிலையிலேயே, நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு கடைக்காரரும் தீர்மானித்துவிட வேண்டும். வாரம் தொடங்கிய பிறகு விலையை மாற்ற முடியாது. இந்தக் கடைசி நிபந்தனை முக்கியமானது. எதிரே தொங்கும் விலைப்பலகையைப் பார்த்துவிட்டு அன்றே விலையைக் குறைக்க முடியுமானால், கீழே வரும் கணக்கு பொருந்தாது.

படி 1: யார் எங்கே வாங்குகிறார்கள் என்பதை எழுதிக்கொள்ளுதல்

பெரிய கடைக்கு வாரம் 60 பைகள் வாங்கும் நிலையான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். சிறிய கடைக்கு 30 பைகள். இவர்கள் விலை எப்படி இருந்தாலும் தங்கள் கடையை விட்டுப் போவதில்லை. மீதி 60 பைகள் விலை பார்த்து வாங்குபவர்களுடையவை. எந்தக் கடையில் விலை குறைவோ அங்கே அவர்கள் போவார்கள். இரண்டு கடைகளிலும் ஒரே விலை என்றால், மற்றச் சாமான்களையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்பதால் பெரிய கடைக்கே போவார்கள். விலை சமமாக இருக்கும்போது இவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதை அலட்சியமாக எழுதிவிடக் கூடாது. முழு ஆட்டத்தின் குணமும் அதில்தான் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

படி 2: லாப அட்டவணை

சலுகை இல்லாதபோது ஒரு பைக்கு 30 ரூபாய் லாபம். சலுகையில் 20 ரூபாய். இரண்டு கடைகளும் வழக்கமான விலையில் விற்றால், பெரிய கடை 120 பைகளை விற்று 3,600 ரூபாய் ஈட்டும். சிறிய கடை 30 பைகளில் 900 ரூபாய் ஈட்டும். சிறிய கடை மட்டும் சலுகை தந்தால், அது 90 பைகளை விற்று 1,800 ரூபாய் பெறும். பெரிய கடைக்குத் தன் 60 பைகளில் 1,800 ரூபாய் மிஞ்சும். மற்ற இரண்டு நிலைகளையும் இதே முறையில் கணக்கிட்டால் கீழுள்ள அட்டவணை கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் பெரிய கடையின் வார லாபம். இரண்டாவது எண் சிறிய கடையின் வார லாபம்.

| | சிறிய கடை: சலுகை இல்லை | சிறிய கடை: சலுகை |
|---|---|---|
| பெரிய கடை: சலுகை இல்லை | 3,600 / 900 | 1,800 / 1,800 |
| பெரிய கடை: சலுகை | 2,400 / 900 | 2,400 / 600 |

படி 3: நிலையான முடிவு ஏதேனும் உண்டா எனத் தேடுதல்

இரண்டு வழிகளையும் குறிப்பிட்ட நிகழ்தகவுகளில் கலந்து பயன்படுத்தும் கலப்பு உத்திக்குப் போவதற்கு முன், எந்தக் கட்டத்திலாவது இரண்டு கடைகளும் மனம் மாறாமல் நிற்குமா என்று பார்க்க வேண்டும். மேல் இடது கட்டத்தில் தொடங்குவோம். இருவரும் சலுகை தராதபோது சிறிய கடை 900 ரூபாயிலிருந்து 1,800 ரூபாய்க்கு உயரலாம் என்பதால் அது சலுகைக்கு மாறும். அப்போது பெரிய கடை 1,800 ரூபாயில் நிற்காமல் தானும் சலுகை அறிவித்து 2,400 ரூபாய்க்குப் போகும். உடனே சிறிய கடைக்கு 600 ரூபாயே கிடைப்பதால், அது சலுகையை நிறுத்தி 900 ரூபாய்க்குத் திரும்பும். அதன்பின் பெரிய கடை மட்டும் வீணாக விலையைக் குறைத்து வைத்திருக்க வேண்டியதில்லை, அதுவும் நிறுத்தும். புறப்பட்ட கட்டத்திற்கே வந்துவிட்டோம். பெரிய கடை எதிராளி செய்வதையே தானும் செய்ய விரும்புகிறது, சிறிய கடையோ அதற்கு மாறாகச் செய்ய விரும்புகிறது என்பதால் இந்தச் சுற்று எங்கும் நிற்பதில்லை.

வீரர்களும் அவர்களுடைய தெரிவுகளும் எண்ணிக்கையில் வரம்புக்குட்பட்டிருக்கும் ஆட்டம் எதற்கும், நிகழ்தகவுகளால் ஆன தெரிவுகளையும் சேர்த்துக்கொண்டால், யாரும் தான் மட்டும் மாறி லாபத்தைக் கூட்டிக்கொள்ள முடியாத சமநிலை குறைந்தது ஒன்றாவது இருக்கும் என்று கணிதவியலாளர் ஜான் நாஷ் 1950-இல் நிறுவினார். ஆகவே இங்கும் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதே மீதி வேலை.

படி 4: எதிராளிக்கு இரண்டு வழிகளையும் சமமாக்கும் நிகழ்தகவு

தொடக்கநிலையில் பலர் தடுமாறுவது இந்தப் படியில்தான். பெரிய கடை எவ்வளவு அடிக்கடி சலுகை தர வேண்டும் என்பதைப் பெரிய கடையின் லாப எண்களிலிருந்து கணக்கிட முடியாது. அதைச் சிறிய கடையின் எண்களிலிருந்து கணக்கிட வேண்டும். காரணம் எளிது. ஒரு கடை இரண்டு வழிகளையும் கலந்து பயன்படுத்த வேண்டுமானால், இரண்டும் அதற்குச் சராசரியில் ஒரே லாபத்தைத் தர வேண்டும். இல்லாவிட்டால் லாபம் கூடிய வழியை மட்டுமே அது பிடித்துக்கொள்ளும். அந்தச் சமத்துவத்தை உண்டாக்குவது எதிர்க்கடையின் நிகழ்தகவு.

பெரிய கடை சலுகை தரும் நிகழ்தகவை `p` எனவும், சிறிய கடையினுடையதை `q` எனவும் குறிப்போம். சிறிய கடை சலுகை தராவிட்டால் எப்படியும் 900 ரூபாய் பெறும். சலுகை தந்தால், பெரிய கடை சும்மா இருக்கும் வாரங்களில் 1,800 ரூபாயும், அதுவும் சலுகை தரும் வாரங்களில் 600 ரூபாயும் பெறும். இரண்டையும் சமப்படுத்துவோம்:

```
1800(1 − p) + 600p = 900
1800 − 1200p = 900
p = 900/1200 = 3/4
```

இனிப் பெரிய கடையின் பக்கம். சலுகை தந்தால் அதற்கு எப்போதும் 2,400 ரூபாய். தராவிட்டால் சிறிய கடையின் முடிவைப் பொறுத்து 3,600 அல்லது 1,800 ரூபாய்:

```
3600(1 − q) + 1800q = 2400
3600 − 1800q = 2400
q = 1200/1800 = 2/3
```

ஆக, பெரிய கடை நான்கில் மூன்று வாய்ப்புடனும், சிறிய கடை மூன்றில் இரண்டு வாய்ப்புடனும் ஒவ்வொரு வாரமும் சலுகை தருவதே சமநிலை.

படி 5: சரிபார்த்தல்

இருவரும் சலுகை தரும் வாய்ப்பு 3/4 × 2/3 = 1/2. பெரிய கடை மட்டும் தருவது 1/4, சிறிய கடை மட்டும் தருவது 1/6, இருவரும் தராதது 1/12. நான்கின் கூட்டுத்தொகை 1 வருகிறது. இவற்றை அட்டவணை எண்களோடு பெருக்கிக் கூட்டினால், பெரிய கடையின் சராசரி வார லாபம் 1,200 + 600 + 300 + 300 = 2,400 ரூபாய்; சிறிய கடையினுடையது 300 + 225 + 300 + 75 = 900 ரூபாய். சமன்பாடுகளின் வலப்பக்கத்தில் இருந்த அதே எண்கள் திரும்ப வந்திருப்பதால் கணக்கு சரி.

இந்த 900 ரூபாயைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மூன்றில் இரண்டு வாரம் நோட்டீஸ் அடித்து விலையைக் குறைத்தும், சிறிய கடை சராசரியில் தன் நிலையான வாடிக்கையாளர்களுக்கு மட்டும் முழு விலையில் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பெறவில்லை. அப்படியென்றால் ஏன் சலுகையைக் கைவிடக் கூடாது என்று கேட்கலாம். கைவிட்டால் அதற்கு நட்டமில்லை. ஆனால் சில வாரங்களில் பெரிய கடை அதை மோப்பம் பிடித்துத் தன் சலுகையை நிறுத்திவிடும், அந்த நிமிடமே சிறிய கடைக்குச் சலுகை மீண்டும் 1,800 ரூபாய் தரும் வழியாகிவிடும்.

படி 6: நடைமுறையில் குலுக்குவது எப்படி

பெரிய கடைக்காரர் நான்கு சீட்டுகளில் மூன்றில் ‘சலுகை’ என்று எழுதி, வாரம் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். எடுத்த சீட்டை மறுபடி டப்பாவில் போட்டுவிட வேண்டும். போடாமல் விட்டால், முதல் மூன்று வாரமும் சலுகை வந்திருக்கும் மாதத்தில் நான்காவது வாரம் சலுகை இல்லை என்பது எதிர்க்கடைக்குத் தெரிந்துவிடும். சராசரி நான்கில் மூன்றாகவே இருந்தாலும் சமநிலை கெட்டுவிடும். மனத்தில் தோன்றியபடி மாற்றி மாற்றி முடிவெடுப்பதிலும் இதே கேடு உண்டு, ஏனென்றால் நாம் தொடர்ச்சியாக ஒன்றையே தெரிவு செய்யக் கூச்சப்படுகிறோம். சிறிய கடைக்கு ஒரு பகடை போதும்: 1 முதல் 4 வரை விழுந்தால் சலுகை.

எண்கள் மாறினால்

பெரிய கடையின் நிலையான விற்பனை 60 பைகளிலிருந்து 80-ஆக உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய கடையே தன் சலுகையை மாற்றிக்கொள்ளும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் `p`-ஐத் தீர்மானிப்பவை சிறிய கடையின் எண்கள். அவை மாறாததால் `p` அப்படியே 3/4-இல் நிற்கிறது. மாறுவது `q`: பெரிய கடையின் எண்கள் இப்போது 4,200, 2,400, 2,800 என்பதால் `q` = 1400/1800 = 7/9. அதாவது பெரிய கடைக்கு விசுவாசிகள் கூடினால் சிறிய கடைதான் அடிக்கடி சலுகை தரும்.

அதே எண்ணை 150-ஆக்கிப் பார்த்தால் `q` = 7/6 என்று வரும். நிகழ்தகவு ஒன்றைத் தாண்ட முடியாது. எனவே கலப்புச் சமநிலை இல்லை என்பதற்கு இது அடையாளம். 120 பைகளைத் தாண்டியவுடன், எதிரி எப்போதும் சலுகை தந்தாலும் பெரிய கடைக்கு விலையைக் குறைப்பது கட்டுப்படியாகாது. அது முழு விலையிலேயே நிற்கும், சிறிய கடை வாரந்தோறும் சலுகை தரும்.

விடை 0-க்கும் 1-க்கும் இடையில் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று கொள்வதும் ஆபத்து. இரண்டு கடைகளும் ஒரே அளவு, தலா 40 பைகள் நிலையான விற்பனை, விலை சமமாக இருந்தால் அந்த 60 பைகள் பாதிப்பாதியாகப் பிரியும் என்று மாற்றிக்கொள்வோம். இருவரும் முழு விலையில் 2,100. ஒருவர் மட்டும் சலுகை தந்தால் அவருக்கு 2,000, மற்றவருக்கு 1,200. இருவரும் தந்தால் 1,400. சமன்பாடு 1/3 என்ற அழகான விடையைத் தரும். ஆனால் படி 3-ஐத் தவறாமல் செய்தவருக்கு இங்கே இரண்டு நிலையான முடிவுகள் தெரிந்திருக்கும்: இருவரும் தராதது ஒன்று, இருவரும் எப்போதும் தருவது மற்றொன்று. எதிராளி மூன்றில் ஒன்றைவிடச் சற்று அதிகமாகச் சலுகை தந்தால் நாமும் எப்போதும் தருவதே மேல் என்று ஆகிவிடுவதால், அந்த 1/3 நிலைத்து நிற்காத விடை.

ஒரே அளவுள்ள கடைகள் ஏன் விலையைக் குலுக்குகின்றன என்பதை விளக்க, இரண்டே விலைகள் என்ற கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். பொருளியலாளர் ஹால் வேரியன் 1980-இல் அமைத்த மாதிரியின் வழி அதுதான். 330 ரூபாய்க்கு மேல் யாரும் வாங்கமாட்டார்கள் எனக் கொண்டால், நிலையான வாடிக்கையாளர்களை மட்டும் நம்பினாலே 40 × 30 = 1,200 ரூபாய் உறுதி. எனவே கலப்பில் வரும் எந்த விலையும் சராசரியில் இதே 1,200 ரூபாயைத் தர வேண்டும். 312 ரூபாய்க்கு நூறு பைகளையும் விற்றால் 12 × 100 = 1,200; அதற்குக் கீழே இறங்குவதில் பயனில்லை. 320 ரூபாய் விலையில் 1,200 ரூபாய் வர 60 பைகள் போக வேண்டும், அதாவது கூடுதலாக 20. எதிர்க்கடையின் விலை 320-ஐவிட அதிகமாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றானால்தான் அது நடக்கும். 315-க்கு இதே கணக்கைச் செய்தால் அந்த வாய்ப்பு மூன்றில் இரண்டு. ஆகவே ஒவ்வொரு கடையும் தன் வாரங்களில் மூன்றில் ஒரு பங்கை 312-க்கும் 315-க்கும் இடையிலும், இன்னொரு பங்கை 315-க்கும் 320-க்கும் இடையிலும், மீதியை 320-க்கும் 330-க்கும் இடையிலும் வைக்கும்.