தகராறு வந்தால் கைகொடுக்காத மெயில்கள்: சேமிப்பதில் நேரும் தவறுகள்

"நான் அப்படி ஒப்புக்கொள்ளவே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொன்னதும் பலர் முதலில் செய்வது, செல்பேசியில் அந்த மெயிலைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பதுதான். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. படத்தில் அனுப்பியவரின் பெயரும், ஒரு தேதியும், மெயிலின் உடலும் தெரியும். உண்மையான முகவரி பெரும்பாலும் தெரியாது. அந்த மெயில் எந்தச் சர்வர்கள் வழியே வந்தது என்பது தெரியவே தெரியாது. அப்படியொரு படத்தை யாரும் சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம் என்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரியும். பிரிண்ட் எடுத்த தாளுக்கும் இதே குறைதான். இவை படித்துக் காட்ட உதவும், ஆனால் மூலம் வேறு.

மூலம் என்பது .eml கோப்பு, அதாவது மெயிலை அதன் மறைவான விவரங்களோடு அப்படியே வைத்திருக்கும் கோப்பு. ஜிமெயிலில் கணினியில் மெயிலைத் திறந்து, வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி `Show original` போனால், `Download Original` என்ற தெரிவு இருக்கும். இது அந்த ஒரு மெயிலை மட்டுமே இறக்கும், அடுத்தடுத்த பதில்களை அல்ல. பத்து மெயில் கொண்ட உரையாடல் என்றால் பத்து முறை செய்ய வேண்டும். கடைசி மெயிலின் அடியில் பழையவை எல்லாம் மேற்கோளாக இருக்கின்றனவே என்று ஒன்றோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மேற்கோளை அனுப்புபவர் திருத்த முடியும்.

இன்னொரு கணக்குக்கு ஃபார்வர்ட் செய்து வைப்பதும் சேமிப்பு ஆகாது. ஃபார்வர்ட் செய்தது நீங்கள் எழுதிய புதிய மெயில். அதன் ஹெடரில், அதாவது யார், எப்போது, எந்த வழியே அனுப்பினார் என்று மெயிலின் தலைப்பகுதியில் பதியும் வரிகளில், இருப்பது உங்கள் விவரம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் மூலத்தை இணைப்பாக அனுப்புங்கள்.

ஹெடரில் என்ன இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு வடிவமைப்பாளர் 2025 மார்ச் 31க்குள் படங்களை ஒப்படைக்க வேண்டும், தாமதமானால் கட்டணத்தில் பிடித்தம் என்பது ஒப்பந்தம். "ஏப்ரல் 1 அதிகாலை 3:50க்குத்தான் வந்தது" என்று வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார். படம் பொய்யல்ல. ஆனால் மூலக் கோப்பில் இருக்கும் வரி இது:

```
Date: Mon, 31 Mar 2025 23:50:00 +0400
```

கடைசியில் உள்ள +0400, அனுப்பியவரின் ஊர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 4 மணி முன்னால் இருப்பதைச் சொல்கிறது. அந்த ஊரில் அப்போது மார்ச் 31 இரவு 11:50. வாடிக்கையாளரின் கணினி அதே கணத்தைத் தன் ஊர் நேரமான +0800க்கு மாற்றிக் காட்டியிருக்கிறது. திரை பெரும்பாலும் பார்ப்பவரின் நேரத்தைத்தான் காட்டும், அது எந்த ஊர் நேரம் என்று சொல்லாது. எந்த ஊர்க் கணக்கில் கெடு என்பதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். அதைச் சொல்லாத ஒப்பந்தங்களே அதிகம்.

`Date` வரியும் முழு ஆதாரமல்ல. அதைப் போடுவது அனுப்புபவரின் கணினியோ அவரது மெயில் செயலியோதான், அதன் கடிகாரம் தவறாக இருக்கலாம். கூடுதல் வலு `Received` வரிகளுக்கு உண்டு. ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்த்துக்கொண்டே போவதால் அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். உங்கள் சேவை நிறுவனத்தின் சொந்தச் சர்வர் எழுதிய, மேலே உள்ள வரிகளை அனுப்பியவரால் தொட முடியாது. அனுப்பிய டொமைனின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்டதா என்பதை `Authentication-Results` சொல்லும். அதில் `dkim=pass` இருந்து, டொமைனும் எதிர்த்தரப்பினுடையதாகவே இருந்தால், "நான் அனுப்பவே இல்லை" என்ற வாதம் மிகவும் பலவீனமாகிவிடும். அந்தக் கையொப்பத்துக்கான சாவியை டொமைன்காரர் பிறகு மாற்றிவிடலாம். அதன்பின் புதிதாகச் சரிபார்ப்பது கடினம் என்பதால், கோப்பை இப்போதே இறக்கிவிடுவது நல்லது.

இந்த வடிவமைப்பாளருக்கு இன்னொரு சிக்கல். அவரிடம் இருப்பது அனுப்பிய பிரதி. அது அவர் பெட்டியிலேயே பிறந்தது, எதிர்த்தரப்பின் சர்வரைக் கடந்ததற்கான `Received` வரிகள் அதில் இருக்காது. ஆக, அது அனுப்பியதைக் காட்டும், போய்ச் சேர்ந்ததைக் காட்டாது. இங்கே உதவுவது பதில் மெயில். வாடிக்கையாளர் "பார்த்தேன், நாளை சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தாலும், அந்தப் பதிலின் `In-Reply-To` வரியில் முதல் மெயிலின் தனி அடையாளமான `Message-ID` இருக்கும். இரண்டு கோப்புகளையும் சேர்த்து வைத்தால் சங்கிலி பூர்த்தியாகிறது. முக்கியமான மெயிலுக்குப் பதில் வரவில்லை என்றால், "கிடைத்ததா?" என்று கேட்டு ஒரு வரியாவது வாங்கிவிடுங்கள்.

கோப்பை இறக்கியதும் அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்ணை, எடுத்து வையுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் மாறிவிடும். விண்டோஸில்:

```
certutil -hashfile oppudhal.eml SHA256
```

வரும் எண்ணை அன்றைக்கே வக்கீலுக்கு மெயிலில் அனுப்பிவிட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு கோப்பில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்ட வழி கிடைக்கும். கோப்பை இறக்கிவிட்டோமே என்று பெட்டியில் உள்ள மெயிலை அழித்துவிடாதீர்கள். சந்தேகம் எழுந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

இணைப்புகளில் அடிக்கடி ஏமாறுவார்கள். மெயிலோடு வந்த கோப்பு .eml-க்குள்ளேயே இருக்கும். ஆனால் கிளவுடில் பகிர்ந்த சுட்டி வெறும் முகவரிதான். அனுமதியை எடுத்துவிட்டாலோ, ஆவணத்தைத் திருத்திவிட்டாலோ உங்களிடம் எதுவும் இல்லை. சுட்டி வந்த அன்றே கோப்பை இறக்கி, அந்த மெயிலின் பக்கத்திலேயே வையுங்கள். காலாவதித் தேதியோடு வரும் ரகசிய மெயில்களுக்கும் இதே கதி. இறக்கவும் விடாது என்றால் ஸ்கிரீன்ஷாட் தவிர வழியில்லை.

தனக்குச் சாதகமான மெயில்களை மட்டும் வைத்து மற்றவற்றை நீக்குவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. உங்களிடம் இல்லாத நடுமெயில் எதிர்த்தரப்பிடம் இருக்கும். தகராறு வரப்போகிறது என்று தெரிந்த பிறகு அழித்தால், பல நாடுகளில் நீதிமன்றம் அதை உங்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளலாம். தானாக அழிக்கும் அமைப்புகளையும் அப்போதே நிறுத்துங்கள். ஜிமெயிலில் குப்பையும் ஸ்பேமும் 30 நாளில் காலியாகிவிடும்.

அலுவலகக் கணக்கு என்றால், வேலையை விட்ட அன்றே நுழைவு போய்விடலாம். அதற்காக எல்லாவற்றையும் சொந்தக் கணக்குக்கு அள்ளி அனுப்பினால் ரகசியத்தை மீறியதாக உங்கள்மீதே குற்றம் திரும்பும். மெயில்களை அழிக்காமல் பாதுகாக்கும்படி நிறுவனத்துக்கு வக்கீல் மூலம் கடிதம் அனுப்புவதே பாதுகாப்பானது.

எவ்வளவு காலம் என்பதில் வரும் தவறு, மெயிலின் தேதியிலிருந்து எண்ணுவது. வழக்குத் தொடர சட்டம் தரும் கெடு பொதுவாக ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து ஓடும். அது எத்தனை ஆண்டு என்பது நாட்டுக்கும் வழக்கின் வகைக்கும் ஏற்ப மாறும். 3 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். பணம் தரவேண்டிய நாள் 2025 ஜூன் 30 என்றால் கெடு 2028 ஜூன் இறுதி. இடையில் 2027 பிப்ரவரியில் எதிராளி "பாக்கியை விரைவில் தருகிறேன்" என்று எழுதினால், பல சட்டங்களில் கெடு அங்கிருந்து புதிதாகத் தொடங்கி 2030 பிப்ரவரிக்குப் போகும். அதனால் அந்த ஒரு வரி மெயிலைத் தனியாகக் குறித்து வையுங்கள். கடைசி நாளில் போட்ட வழக்கின் நோட்டீஸ் உங்களிடம் வந்து சேரத் தாமதமாகும் என்பதால், கெடு முடிந்தபின் இன்னும் ஓராண்டு வைத்திருப்பது நல்லது. வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது: மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, தீர்ப்புப் பணம் கைக்கு வரும்வரை எதையும் அழிக்கக் கூடாது.