எல்.எஸ்.டி.எம்: 100 படிகள் கடந்தும் முதல் எண் மறக்காமலிருக்க

ஒரு சின்னப் புதிரை எடுத்துக்கொள்வோம். 100 எண்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் +1 அல்லது -1. கடைசியில் நெட்வொர்க் சொல்ல வேண்டியது, முதலில் வந்த எண் எது என்பதை மட்டும்தான். முதல் எண்ணோடு மட்டும் 1 என்ற அடையாளமும் வரும், மற்றவற்றோடு 0 வரும்.

படி 1: சாதாரண ஆர்.என்.என் ஏன் திணறுகிறது?

பிழை பின்னோக்கிப் போகும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு பெருக்கல் நடக்கிறது. அது வழக்கமாக 1-ஐ விடச் சிறியதாக இருப்பதால், 100 படிகளில் கிரேடியன்ட் கரைந்துவிடுகிறது. இதை 1991-இல் ஹோக்ரைட்டர் தன் ஆய்வேட்டில் அலசினார். அவரும் ஷ்மிட்ஹூபரும் 1997-இல் வெளியிட்ட தீர்வுதான் எல்.எஸ்.டி.எம்.

படி 2: ஒரே ஒரு வரியைப் புரிந்துகொள்ளுங்கள்

```
c_t = f_t * c_(t-1) + i_t * g_t
```

`c` என்பது நினைவு. `g` புதிதாக வரும் தகவல். `i` உள்ளீட்டுக் கதவு: அந்தத் தகவலை எவ்வளவு உள்ளே விடுவது என்று முடிவு செய்கிறது. `f` மறதிக் கதவு: 1 என்றால் பழையது அப்படியே இருக்கும், 0 என்றால் அழிந்துவிடும். வெளியீட்டுக் கதவு, நினைவில் எவ்வளவை வெளியே காட்டுவது என்பதைப் பார்த்துக்கொள்கிறது. இன்றைக்கு நமக்கு அது முக்கியமில்லை. 1997-இன் வடிவத்தில் மறதிக் கதவே கிடையாது, சில ஆண்டுகள் கழித்துத்தான் சேர்த்தார்கள்.

படி 3: கணக்குப் போட்டுப் பாருங்கள்

எல்.எஸ்.டி.எம் போட்டுவிட்டால் போதும், தானாக நினைவு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. பைடார்ச்சில் `f` தொடக்கத்தில் 0.5 அளவில்தான் இருக்கும். 0.5-ஐ 100 முறை பெருக்கினால் நடைமுறையில் பூஜ்யம். 0.9 கூட 0.00003-க்கு இறங்கிவிடும். 0.99 என்றால் மட்டுமே 0.37 மிஞ்சும். ஆகவே பயிற்சி தொடங்கும்போதே `f` 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

படி 4: பயஸை மாற்றுங்கள்

```python
import torch
from torch import nn

H = 32
lstm = nn.LSTM(2, H, batch_first=True)
with torch.no_grad():
    lstm.bias_ih_l0[H:2*H] = 5.0
    lstm.bias_hh_l0[H:2*H] = 0.0
```

பைடார்ச்சில் பயஸின் இரண்டாவது கால் பகுதி மறதிக் கதவுக்கு உரியது. இரண்டு பயஸும் கூட்டப்படுவதால் ஒன்றை 0 ஆக்குகிறோம். 5-க்கு சிக்மாய்டு ஏறக்குறைய 0.993.

படி 5: நினைவு இருக்கிறதா என்று சோதியுங்கள்

லாஸ் 0.693-லேயே நின்றால் நெட்வொர்க் பூவா தலையா போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஒரே வரிசையை இருமுறை கொடுங்கள், இரண்டாம் முறை முதல் எண்ணின் குறியை மட்டும் மாற்றி. முடிவில் வரும் இரண்டு `c`-யையும் கழியுங்கள். வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் முதல் எண் வழியிலேயே தொலைந்துவிட்டது. அப்படியானால் கற்கும் வேகத்தை மாற்றிப் பயனில்லை, பயஸைத்தான் கூட்ட வேண்டும். வித்தியாசம் தெளிவாக இருந்தும் லாஸ் இறங்காவிட்டால் உள்ளீட்டுக் கதவைக் கவனியுங்கள்: மற்ற 99 எண்களும் உள்ளே புகுந்து நினைவைக் கலக்கிக்கொண்டிருக்கலாம்.

வரிசை 1000 படிகள் என்றால் இந்த 5 போதாது. படிகளின் எண்ணிக்கைக்கு இயல் மடக்கை எடுத்து அதையே பயஸாக வைக்கலாம்; 1000-க்கு அது சுமார் 7.