உபின் தீவின் அலையாத்தி ஓடையில் முதல் கயாக் பயணம்: ஓதத்தைப் பார்த்து நேரம் குறிப்பது எப்படி

சிங்கப்பூரின் உபின் தீவில் அலையாத்தி ஓடைக்குள் துடுப்புப் போட ஆசையா? கை வலிமையைவிட நேரக் கணக்குதான் முக்கியம். கடல்நீர் ஏறி இறங்குவதுதான் ஓதம்; தண்ணீர் வற்றினால் ஓடை சேறாகிவிடும்.

1. இடம்: தென்மேற்கில், கெத்தாம் தீவுக்கும் உபினுக்கும் நடுவிலுள்ள கால்வாய் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதிலிருந்து ஜெலுத்தோங் ஓடைக்குள் போகலாம். சாங்கியிலிருந்து படகுகள் வந்துபோகும் பாதைப் பக்கம் போக வேண்டாம். அவை எழுப்பும் அலை புதியவர்களைக் கவிழ்த்துவிடும். முதல் முறை வழிகாட்டியோடு போங்கள்.

2. நேரம்: கடல்துறை, துறைமுக ஆணையத்தின் ஓத அட்டவணையை எடுங்கள். எடுத்துக்காட்டாக, காலை 7 மணிக்குத் தாழ்வு 0.6 மீட்டர், மதியம் 1 மணிக்கு உயர்வு 3.0 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2.4 மீட்டர் ஏற்றம் ஆறு மணி நேரத்தில் சமமாக ஏறாது. முதல் மணியில் ஏறத்தாழ 0.2, அடுத்ததில் 0.4, பிறகு 0.6, 0.6, 0.4, 0.2 என்று ஏறும். ஆகவே 9 மணிக்குத் தண்ணீர் 1.2 மீட்டர்தான், 11 மணிக்கு 2.4.

எனவே 11 மணிவாக்கில் ஓடைக்குள் நுழையுங்கள். ஏறும் தண்ணீரே உங்களை உள்ளே இழுத்துப் போகும். எங்காவது தரை தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் தானாக மிதந்துவிடுவீர்கள். 12.30க்குத் திரும்பத் தொடங்கினால் நீரோட்டம் ஓய்ந்திருக்கும், எதிர்நீச்சல் இல்லை. தண்ணீர் வற்றும்போது தரை தட்டினால் அடுத்த ஏற்றம்வரை சேற்றில் உட்கார வேண்டியதுதான்.

3. தரை தட்டினால்: இறங்காதீர்கள், சேறு முழங்காலுக்கு மேல் விழுங்கும். உடம்பை முன்னும் பின்னும் அசைத்து, துடுப்பால் ஊன்றிப் பின்னே தள்ளுங்கள். வேரைப் பிடிக்காதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் கொட்டலசும் சிப்பியும் கையைக் கிழிக்கும். நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் வேரோடு அழுத்தினால் வேரின் பக்கமே சாயுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அந்த விளிம்பில் தண்ணீர் ஏறிப் படகு கவிழும்.

4. என்ன தெரியும்: ஏற்றத்தில் நண்டுகள் வளைக்குள் போய்விடும். சேற்றுத்துள்ளி மீன்களோ தண்ணீருக்கு மேல் நிற்கும் வேர்களில் ஏறி ஒட்டிக்கொள்ளும். கண்மட்டத்திலேயே, உப்பிய கண்கள் இரண்டும் தனித்தனியே சுழல்வதைப் பார்க்கலாம். அருகில் போகும்போது துடுப்பை மடியில் வைத்துவிட்டு படகை மிதக்க விடுங்கள். துடுப்பிலிருந்து சொட்டும் நீரே அவற்றை விரட்டிவிடும். தாழ்ந்த கிளைக்கு அடியில் புகுமுன் மேலே பாருங்கள். விரியன் பாம்பு அசையாமல் சுருண்டு படுத்திருக்கலாம்.

5. கிளம்பும்முன்: லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்குங்கள்; தோளில் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறினால் அது தளர்வு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், நீர்புகாப் பையில் கைப்பேசி. இடி கேட்டால் அன்றைக்குப் பயணம் இல்லை.