கம்பா-ரேஷியோவும் ரேஞ்ச் பெனட்ரேஷனும்: குழுவின் ஊதியத்தை ஒப்பிடும் முறை

ஒரே குழுவில் வெவ்வேறு கிரேடுகளில் பணிபுரிவோரின் ஊதியத்தை நேரடியாக ஒப்பிட முடியாது. ஒவ்வொருவரும் தத்தம் கிரேடின் ஊதிய வரம்புக்குள் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் ஒப்பிட முடியும்.

முதலில், ஒரு விரிதாளின் B நிரலில் ஒவ்வொருவரின் அடிப்படை ஊதியத்தையும், C-யில் அவருடைய கிரேடின் குறைந்தபட்சத்தையும், D-யில் அதிகபட்சத்தையும் எழுதுங்கள். பகுதிநேரமாகப் பணிபுரிபவர் இருந்தால், அவருடைய ஊதியத்தை முழுநேரத்துக்கு மாற்றிய பிறகே எழுத வேண்டும். அறுபது விழுக்காடு நேரம் பணியாற்றி 30,000 பெறுபவரின் முழுநேர ஊதியம் 50,000 ஆகும். இதை மறந்தால், நியாயமாக ஊதியம் பெறுபவரும் வரம்புக்குக் கீழே இருப்பவராகத் தோன்றுவார்.

அடுத்து, இந்த இரு சூத்திரங்களை இடுங்கள்.

```
=B2/((C2+D2)/2)
=(B2-C2)/(D2-C2)*100
```

முதலாவது கம்பா-ரேஷியோ: ஊதியத்தை வரம்பின் நடுப்புள்ளியால் வகுப்பது. இரண்டாவது ரேஞ்ச் பெனட்ரேஷன்: குறைந்தபட்சத்திலிருந்து அதிகபட்சம் வரையான தூரத்தில் அவர் எத்தனை விழுக்காடு கடந்திருக்கிறார் என்பது.

இரண்டும் ஏன் தேவை என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். முதல் கிரேடின் வரம்பு 40,000 முதல் 60,000 வரை. அதில் ஒருவர் 44,000 பெறுகிறார். மூத்த கிரேடின் வரம்பு 70,000 முதல் 91,000 வரை. அதில் ஒருவர் 70,840 பெறுகிறார். இருவருக்கும் கம்பா-ரேஷியோ 0.88 என்றே வரும். ஆனால் முதலாமவர் தம் வரம்பில் 20 விழுக்காடு கடந்திருக்க, இரண்டாமவர் 4 விழுக்காடு மட்டுமே கடந்து, ஏறக்குறைய அடியிலேயே நிற்கிறார். மூத்த கிரேடின் வரம்பு ஒப்பளவில் குறுகலானது என்பதே காரணம். அங்கே குறைந்தபட்ச ஊதியத்தின் கம்பா-ரேஷியோவே 0.87 அளவில் தொடங்குகிறது. ஆகவே கிரேடுகளைக் கடந்து ஒப்பிடும்போது நான் பெனட்ரேஷனையே முதலில் பார்ப்பேன்.

இனி, ஒவ்வொரு கிரேடையும் தனித்தனியே எடுத்து, அந்தப் பணியில் கழித்த ஆண்டுகளையும் செயல்திறன் மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்து வரிசைப்படுத்துங்கள். 44,000 பெறுபவர் ஆறு ஆண்டுகளாக நல்ல மதிப்பீட்டுடன் அதே பணியைச் செய்ய, சென்ற மாதம் சேர்ந்தவர் 52,000 பெற்றால், அவர்களின் பெனட்ரேஷன் 20, 60 என்று தலைகீழாக நிற்கும். புதியவரைச் சந்தை விலைக்கு எடுத்துவிட்டு, பழையவரின் ஊதியத்தைத் தொடாமல் விட்டதால் பெரும்பாலும் இவ்வாறு நேர்கிறது. குழுவின் சராசரி கம்பா-ரேஷியோவை மட்டும் பார்த்தால் இது தெரியாது. இவ்விருவரின் சராசரி 0.96 என்று வந்து, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும்.

இந்த எண்கள் பிடிக்காத பிழையும் ஒன்று உண்டு. மூத்த கிரேடின் பணியைச் செய்பவரை முதல் கிரேடிலேயே வைத்திருந்தால், 56,000 பெறும் அவருக்குக் கம்பா-ரேஷியோ 1.12 என்று வரும். அவர் கூடுதலாகப் பெறுகிறார் என்று நினைத்து அவருடைய உயர்வை நிறுத்துவது அநீதியை இரட்டிப்பாக்கும். எனவே 1.10-ஐத் தாண்டும் ஒவ்வொருவருக்கும், அவர் உண்மையில் செய்யும் பணியை அவருடைய கிரேடின் பணி விவரத்தோடு ஒப்பிட்ட பின்னரே ஊதிய உயர்வைப் பற்றி முடிவெடுங்கள்.