பிரியாவிடை உரைக்கு ஒரே ஒரு சம்பவம் போதும்

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் இருந்த அண்ணன் 60 வயதில் ஓய்வு பெற்றபோது, குழுத் தலைவராக நான்தான் பேசினேன். முதலில் எழுதியது அவர் சேர்ந்த ஆண்டு, பதவி உயர்வு, "கடின உழைப்பாளி" என்று போனது. படித்துப் பார்த்தேன், யாருக்கும் பொருந்தும் உரை. கிழித்துவிட்டேன்.

அப்புறம் அவரோடு இரவு ஷிப்டில் இருந்த மூன்று பேரிடம், "அவர் செய்த எது இன்னும் உங்கள் கண்ணில் நிற்கிறது?" என்று கேட்டேன். இருவர் ஒரே இரவைச் சொன்னார்கள். பம்ப் சத்தம் லேசாக மாறியதைக் கேட்டு, நிறுத்தச் சொல்லி, தேய்ந்த பேரிங்கைக் காட்டினாராம். அதை மட்டுமே எடுத்துக்கொண்டேன்: எந்த மணி, யார் பக்கத்தில் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தை. சபையில் சொல்லலாமா என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், சிலருக்குச் சில நினைவுகள் கூச்சம் தரும்.

மலாய், சீன நண்பர்களும் இருந்ததால் மலாயில் மூன்று நிமிடம் பேசினேன். கடைசி இரண்டு வாக்கியம் மட்டும் தமிழில், முன்வரிசையில் இருந்த அண்ணியைப் பார்த்து: "அத்தனை இரவும் அண்ணனை எங்களுக்காக விட்டுக்கொடுத்தீர்கள். நன்றி அண்ணி."