மீந்த பாலை எல்லாம் தயிராக்கிவிடாதீர்கள்

சில்லறையில் கறந்த பால் விற்கும் சின்னக் கடைகளில் இரவு எட்டு மணிக்கு ஒரு கேள்வி வரும்: மீந்திருக்கும் பாலை என்ன செய்வது? பலரும் யோசிக்காமல் முழுவதையும் காய்ச்சி உறை ஊற்றிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை நஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது. எவ்வளவு தயிர் வேண்டும் என்பதை நாளைய விற்பனைதான் சொல்ல வேண்டும், கேனில் மிச்சமிருக்கும் பால் அல்ல.

ஒரு புதன்கிழமை இரவு 18 லிட்டர் பசும்பால் மீந்திருக்கிறது, 3 கிலோ தயிரும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமைகளில் இந்தக் கடையில் சுமார் 12 கிலோ தயிர் போகும். 18 லிட்டரையும் உறை ஊற்றினால் காலையில் 21 கிலோ தயிர் நிற்கும், 9 கிலோ மீறும். 10 லிட்டர் மட்டும் ஊற்றினால், பழையதையும் சேர்த்து 13 கிலோ. மீதி 8 லிட்டரைப் பன்னீராக்கலாம். பசும்பாலில் லிட்டருக்கு 160 கிராம் அளவில் பன்னீர் கிடைக்கும், அதாவது 1.3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எருமைப்பாலாக இருந்தால் இன்னும் கூடும்.

இந்த இடத்தில் பலர் “பாலை 42 ரூபாய்க்கு வாங்கினேன், தயிர் 70-க்குப் போகிறது, லாபம்தானே?” என்று கணக்குப் போடுகிறார்கள். 42 ரூபாய் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, என்ன செய்தாலும் அது திரும்பி வராது. பார்க்க வேண்டியது, அதே ஒரு லிட்டர் வேறு வழியில் என்ன தரும் என்பதைத்தான். ஓட்டலுக்குப் பன்னீர் கிலோ 320 ரூபாய்க்குக் கொடுத்தால் லிட்டருக்கு 51 ரூபாய், எரிவாயுச் செலவு போக 48 என்று கொள்ளலாம். தயிர் விற்றால் 70. விற்காமல் புளித்தால் மோராகவும் வெண்ணெயாகவும் ஒரு 25 ரூபாய் தேறும். 70-க்கும் 25-க்கும் நடுவே ஏறக்குறைய 48 வருகிறது. ஆகவே கடைசியாகச் செய்யும் அந்த ஒரு கிலோ தயிர் பத்து நாளில் ஐந்து நாளுக்கு மேல் விற்கும் என்றால் தயிர், இல்லையென்றால் பன்னீர். பன்னீர் வாங்க ஆளே இல்லாத ஊரில் இந்தக் கணக்கு மாறும். அங்கே நெய்யையோ கோவாவையோ வைத்துப் போட்டுப் பாருங்கள்.

சரி, வியாழக்கிழமை 12 கிலோ என்று எப்படித் தெரியும்? நோட்டில் எழுதியிருப்பீர்கள். ஆனால் தயிர் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதையும் எழுதினீர்களா? காலை பத்து மணிக்கே 12 கிலோவும் தீர்ந்திருந்தால் அன்றைய தேவை 12 அல்ல, அதற்கு மேல். இதைக் குறிக்காத கடை, வாரக்கணக்கில் குறைவாகவே தயிர் போட்டுவிட்டு “நம்ம ஊர்ல தயிர் இவ்வளவுதான் போகும்” என்று நம்பிக்கொண்டிருக்கும். கூடவே மழையா, வெயிலா, முகூர்த்த நாளா, அமாவாசையா என்று ஒரு வார்த்தை எழுதிவைத்தால் போதும். மழை பிடித்துக்கொண்டால் தயிர் சட்டென்று இறங்கிவிடும்.

அடுத்தது நேரம். காலைப் பாலில் மீந்ததை இரவுவரை வெளியிலேயே வைத்து, மாலைப் பாலோடு கலப்பது மோசமான பழக்கம். நம் வெயிலில் கறந்த பால் நாலைந்து மணி நேரம்தான் தாங்கும். பழையது கொஞ்சம் கலந்தாலும் புதியதும் சேர்ந்து கெடும். காலை மீதியைப் பத்து மணிக்குள் காய்ச்சிவிடுங்கள், அல்லது குளிரவையுங்கள். இரவிலும் கடை சாத்தும்வரை காத்திருந்தால், பெரிய பாத்திரத்துப் பால் ஆறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூக்கக் கலக்கத்தில் சூடாக இருக்கும்போதே உறை ஊற்றினால் உறைமோரில் உள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும், தயிர் சரியாக உறையாது. 40 டிகிரி, அதாவது விரல் விட்டால் இதமாகச் சுடும் பதம்தான் சரி. அவசரமென்றால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஆற வைக்கலாம். தயிர் உறைந்ததும் பிரிட்ஜுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் விற்பனைக்கு முன்பே புளிப்பு ஏறிவிடும்.

எந்தப் பாலைக் காய்ச்சுவதற்கு முன்பும் ஒரு கரண்டி எடுத்துத் தனியாகக் கொதிக்க விட்டுப் பாருங்கள். திரிந்தால் அந்தப் பால் தயிருக்கும் கோவாவுக்கும் ஆகாது. சிலர் ஆப்பச் சோடா போட்டுச் சமாளிப்பார்கள். அது கலப்படம், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கேனை மற்ற பாலோடு சேர்க்காமல் தனியே ஒதுக்கிவிட வேண்டியதுதான்.